அழைத்தவுடன் எழுந்து பேசுதல்: கூட்டங்களில் திடீர் உரைக்கான சட்டகங்கள்

முன்னறிவிப்பு இல்லாமலோ சில நிமிட அவகாசத்திலோ ஒரு கூட்டத்தில் எழுந்து பேசும் சிறு உரையே திடீர் உரை. ஈரோடு, கோவை, திருப்பூர் வட்டாரத்தில் இதற்கான அழைப்பு பெரும்பாலும் ஒரே வடிவில்தான் வருகிறது: "நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்க." இடம் கல்யாண மண்டபமாக இருக்கலாம், புதுமனை புகுவிழா, பணி நிறைவுப் பாராட்டு, படத்திறப்பு, சங்கத்தின் பேரவைக் கூட்டம் என எதுவாகவும் இருக்கலாம். பேச அழைக்கப்படுபவர் தொழில்முறைப் பேச்சாளர் அல்லர். உறவினர், உடன் வேலை பார்த்தவர், பக்கத்து வீட்டுக்காரர், சங்க உறுப்பினர் ஆகியோரே அழைக்கப்படுகிறார்கள். கிடைப்பது இரண்டு, மூன்று நிமிடம். ஆகஸ்ட் மாதத்தில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் ஈரோடு புத்தகத் திருவிழாவின் மாலைச் சொற்பொழிவு வேறு வகை. அதற்குத் தலைப்பு முன்பே அறிவிக்கப்படும், பேசுபவர் தயாரித்துக்கொண்டு வருவார். அந்த உரையின் அளவுகோலை மண்டபத்துத் திடீர் உரைக்குக் கொண்டுவருவதால்தான் பாதிப் பேர் தடுமாறுகிறார்கள்.

தடுமாற்றம் முழுவதையும் கூச்சத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. பேச்சு உருவாகும் விதத்தை ஆராய்ந்த நெதர்லாந்து உளமொழியியலாளர் வில்லெம் லெவெல்ட், 1989இல் வெளியிட்ட நூலில் அதை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: எதைச் சொல்வது என்று முடிவு செய்தல், அதற்குச் சொல்லும் வாக்கியமும் அமைத்தல், வாயால் ஒலித்தல். வீட்டுத் திண்ணையில் பேசும்போதும் இம்மூன்றும் நடக்கின்றன. ஆனால் அங்கே எதிரில் இருப்பவர் இடையிடையே கேள்வி கேட்டு அடுத்த விஷயத்தை எடுத்துக் கொடுப்பார். மேடையில் அந்த உதவி இல்லை. எதைச் சொல்வது, எதற்குப் பிறகு எது, எங்கே முடிப்பது என்ற திட்டமிடல் முழுவதும் பேசுபவர் தலையிலேயே விழுகிறது. மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியவை ஏறத்தாழ நான்கு செய்திகளே என்று நெல்சன் கோவன் 2001இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் வாதிட்டார். சட்டகம் செய்யும் வேலை வரிசையை முன்கூட்டியே தீர்மானித்துக் கொடுத்து, பிடித்து வைக்க வேண்டியவற்றைக் குறைப்பது. மூன்று நான்கு இடங்களுக்கு மேல் உள்ள சட்டகம் எதுவும் மேடையில் நினைவில் நிற்பதில்லை என்பதற்கும் இதுவே காரணம்.

பேச்சு எப்படி மண்டபத்துக்குள் வந்தது

கொங்கு நாட்டுச் சடங்குகளில் பேசுவோர் இருந்தார்கள். ஆனால் அவர்கள் அந்த இடத்தில் புதிதாக எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கொங்கு வேளாளர் திருமணத்தில் குடிமகன் பாடும் மங்கல வாழ்த்து இதற்கு நல்ல உதாரணம். கம்பர் பாடியதாக வழிவழியாகச் சொல்லப்படும் அந்த வாழ்த்தில் சொல் எல்லாம் முடிவானது. அருமைக்காரர் சீர்களை நடத்துவார், வாழ்த்து வழக்கமான வரிசையில் ஒலிக்கும், மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். பெரிய மாமன் ஆனாலும் எழுந்து நின்று சொந்த வார்த்தையில் இரண்டு நிமிடம் பேச வேண்டிய கட்டாயம் இல்லை.

தமிழில் மேடைப்பேச்சு புதிய வரவு. கிறித்தவப் பிரசங்கத்தின் வடிவத்தை எடுத்து யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கியது 1847இன் இறுதியில். தமிழ் மேடையின் வரலாற்றை எழுதிய மானிடவியலாளர் பெர்னார்ட் பேட், பொது மேடைப் பேச்சின் வேர்களை இந்தப் பிரசங்க மரபில் தேடினார். அடுத்த பெரிய மாற்றத்துக்கும் ஈரோட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஈரோட்டில் 1879இல் பிறந்த பெரியார், 1925 முதல் இதே ஊரிலிருந்து 'குடி அரசு' இதழை நடத்தியவர், சுயமரியாதைத் திருமணத்தைப் பரப்பினார். அதில் புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. அவை இருந்த இடத்தைத் தலைமையுரையும் வாழ்த்துரையும் நிரப்பின. இத்தகைய திருமணத்துக்குத் தமிழ்நாட்டில் சட்ட ஏற்பு கிடைத்தது 1967இல், அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய திருத்தச் சட்டத்தின் வழியே. ஐயரும் அருமைக்காரரும் வரும் திருமணங்களிலும் மாலை வரவேற்பில் மைக் வைத்து நான்கு பேரைப் பேசச் சொல்லும் வழக்கம் இன்று காணப்படுகிறது. மேடையும் ஒலிபெருக்கியும் இருக்கும் இடத்தில் யாரும் எப்போதும் அழைக்கப்படலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

இந்த மேடை தனக்கென ஒரு சட்டகத்தையும் உண்டாக்கிக்கொண்டது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, ஏற்புரை, நன்றியுரை என்று அழைப்பிதழில் அச்சாகும் நிகழ்ச்சி நிரலே அது. திடீரென்று அழைக்கப்படுபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இந்த வரிசையில் தன்னை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்பதையே. வாழ்த்துரைக்கு அழைக்கப்பட்டவர் வந்தவர்களை எல்லாம் வரவேற்கத் தொடங்கினால் அவை குழம்பும். நன்றி சொல்ல எழுந்தவர் விழா நாயகரைப் புகழ்ந்து பத்து நிமிடம் எடுத்துக்கொண்டால் பந்திக்குப் போக வேண்டிய கூட்டம் எழுந்துவிடும். நன்றியுரை கூட்டத்தை முடித்துவைக்கும் உரை. அது யார் யார் என்ன செய்தார்கள் என்பதோடு நிற்க வேண்டும்.

மேற்கில் உருவான சட்டகங்கள்

முன்தயாரிப்பு இல்லாத பேச்சைப் பயிற்சியாக்கும் எண்ணம் பழையது. ரோமானிய ஆசிரியர் குவின்டிலியன் தம் பெருநூலின் பத்தாம் பகுதியில் இதற்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். இன்று பரவலாக உள்ள பயிற்சிமுறை, 1924இல் கலிபோர்னியாவின் சான்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பினுடையது. அங்கே 'டேபிள் டாபிக்ஸ்' என்ற பகுதியில் ஒருவர் கேள்வியைப் படிப்பார். பெயர் அழைக்கப்பட்டவர் அப்போதே எழுந்து ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஒரு நிமிடத்தில் பச்சை விளக்கு, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. இந்த விளக்குகளின் பயன், ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை உடம்புக்குக் கற்றுக்கொடுப்பதில் இருக்கிறது. பழகாதவர் நாற்பது நொடியில் எல்லாம் தீர்ந்துவிட்டதாக நினைப்பார், அல்லது ஐந்து நிமிடம் போனதே தெரியாமல் பேசுவார்.

இத்தகைய பயிற்சிகளில் மூன்று சட்டகங்கள் அடிக்கடி வருகின்றன. முதலாவது, கருத்து, காரணம், எடுத்துக்காட்டு, மீண்டும் கருத்து. இரண்டாவது, அன்று, இன்று, நாளை. மூன்றாவது, என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன என்ற மூன்று கேள்விகள். அமெரிக்கக் கல்வியாளர் டெர்ரி போர்ட்டன் 1970இல் கற்பித்தல் முறையாக முன்வைத்த அந்த மூன்று கேள்விகளைப் பின்னர் பேச்சுப் பயிற்சியாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் கற்பிக்கும் மாட் ஆபிரகாம்ஸ் 2023இல் வெளியிட்ட நூல் இந்த வகைச் சட்டகங்களைத் தொகுத்துத் தருகிறது.

இவற்றில் முதலாவது, ஒரு கேள்விக்கு நிலைப்பாடு சொல்ல வேண்டிய இடத்துக்குப் பொருந்தும். ஈரோடு மாவட்டத்தில் அப்படிப்பட்ட கூட்டங்களுக்குக் குறைவில்லை. கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடலாமா கூடாதா என்ற விவகாரம் பல ஆண்டுகளாக விவசாயிகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கடைமடை விவசாயி ஒருவர் எழுப்பப்படுகிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் சொல்ல வேண்டிய வரிசை தெளிவு: வேலை நடக்க வேண்டும், ஏனென்றால் தலைப்பில் திறந்த தண்ணீர் கடைசி மதகுக்கு வந்து சேர்வதில்லை, போன முறை தண்ணீர் திறந்து எத்தனையாவது நாளில் தன் வயலுக்கு வந்தது, வந்தபோது பயிர் எப்படி இருந்தது, ஆகவே வேலை நடக்க வேண்டும். வாய்க்காலுக்குக் கீழே கிணற்றை நம்பி இருக்கும் விவசாயி இதே வரிசையில் எதிர்க் கருத்தைச் சொல்லலாம்: வாய்க்கால் மண் வாய்க்காலாகவே இருக்கட்டும், ஏனென்றால் கசிவு நீர்தான் கிணற்றுக்கு ஊற்று, தன் கிணற்றில் தண்ணீர் விட்ட நாளிலும் நிறுத்திய பிறகும் மட்டம் இவ்வளவு, ஆகவே அப்படியே இருக்கட்டும். இரண்டு உரைகளிலும் பலம் மூன்றாவது இடத்தில், அதாவது தன் வயலின், தன் கிணற்றின் கணக்கில் இருக்கிறது. அந்த இடம் வெறுமையாக இருந்தால் முதல் வரியும் கடைசி வரியும் வெறும் கோஷமாகிவிடும்.

ஆனால் மண்டபத்தில் அழைக்கப்படும் திடீர் உரைகளில் மிகச் சிலவே கருத்துக் கேட்பவை. அழைக்கப்படுபவருக்கும் விழா நாயகருக்கும் உள்ள உறவே அங்கே அழைப்புக்குக் காரணம். "மாமா ஒரு வார்த்தை பேசட்டும்" என்கிறபோது மாமாவின் கொள்கை யாருக்கும் தேவையில்லை. அவர் அந்த வீட்டுக்கு யார், எதைப் பார்த்திருக்கிறார், என்ன வாழ்த்துகிறார் என்பதே வேண்டியது. படத்திறப்பில் எழுந்து, "இவர் நல்ல மனிதர், அதற்கு மூன்று காரணங்கள்" என்று தொடங்கினால் வழக்காடுவது போல இருக்கும்.

உறவு, நிகழ்ச்சி, பொருள், வாழ்த்து

இத்தகைய கூட்டங்களுக்கு ஏற்ற சட்டகத்தில் நான்கு இடங்கள் உண்டு. பேசுபவருக்கும் விழா நாயகருக்கும் என்ன உறவு என்பது முதலாவது. அந்த உறவில் நடந்த ஒரே ஒரு நிகழ்ச்சி இரண்டாவது. அது அவரைப் பற்றி எதைக் காட்டுகிறது என்பது மூன்றாவது. நான்காவது வாழ்த்து, துக்கக் கூட்டமானால் ஆறுதல், சங்கக் கூட்டமானால் வேண்டுகோள். சொல்லும் வரிசை இதுவே. யோசிக்கும் வரிசை வேறு. எழுந்து மைக்குக்கு நடக்கும்போது முதலில் முடிவாக வேண்டியது கடைசி வாக்கியம். அது கையில் இருந்தால், நடுவில் எங்கே தடம் மாறினாலும் அங்கே தாவி முடித்துவிடலாம். கடைசி வரி இல்லாமல் தொடங்கியவர்கள்தான் "இறுதியாக ஒன்று" என்று மூன்று முறை சொல்கிறார்கள்.

அடுத்து நிகழ்ச்சி. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் இந்த உரையின் தரம் முழுவதும் இருக்கிறது. அது ஒரே நாளில், ஒரே இடத்தில் நடந்ததாக இருக்க வேண்டும். கேட்பவர் கண்ணால் பார்க்கக்கூடிய பொருள் ஒன்று அதில் இருந்தால் நல்லது. பேசுபவர் அதில் வீரராகத் தோன்றக் கூடாது. விழா நாயகரின் மனைவியோ மகனோ கேட்டு நெளியும்படியும் இருக்கக் கூடாது. "எப்போதும் உதவுவார்", "எல்லோரிடமும் அன்பாகப் பழகுவார்" என்பவை நிகழ்ச்சிகள் அல்ல. அவற்றை யாரைப் பற்றியும் சொல்லலாம், ஏற்கனவே பேசிய நான்கு பேரும் சொல்லியிருப்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். சென்னிமலைப் பக்கம் ஓர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியைக்குப் பணி நிறைவு விழா. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நெசவாளர் பெண் ஒருவர் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். தொகுப்பாளர் திடீரென்று, "அடுத்து பெற்றோர் சார்பில் அக்கா ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்கிறார். முதலில் மனத்தில் வருவது கேட்டுப் பழகிய வரிகள்: அறிவுக் கண்ணைத் திறந்தவர், ஏணியாக இருந்தவர், எங்கள் ஊருக்குக் கிடைத்த வரம். அதோடு போனால் ஒரு நிமிடம் கடந்துவிடும், ஆனால் இவர் பேசினார் என்பது யார் நினைவிலும் இருக்காது. சட்டகத்தின்படி யோசித்தால், நாற்காலியிலிருந்து மேடைப் படி ஏறுவதற்குள் இரண்டு முடிவுகள் போதும். கடைசியில் 'வீட்டுக்கு வாங்க' என்று அழைப்பது. நடுவில், டீச்சர் வீட்டுக்கு வந்த நாள். பேச்சு இப்படி அமையலாம்:

"எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச ஒரு பொண்ணோட அம்மா நான். நாங்க தறி நெய்யறவங்க. என் பொண்ணு ஏழாவது படிக்கறப்ப, தீபாவளிக்கு முன்னால வேலை நெருக்கம். தார் சுத்த ஆளில்லைன்னு நாலு நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலை. அஞ்சாம் நாள் சாயங்காலம் டீச்சர் வீட்டுக்கு வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். ராட்டை முன்னால உக்காந்து, 'குடுங்க, நான் சுத்தறேன்'னாங்க. ரெண்டு சுத்துலயே நூலை அத்துட்டாங்க. அப்புறம் சிரிச்சுட்டே, 'இந்த வேலை எனக்கு வராது. என் வேலைக்கு உங்க பொண்ணு வேணும், நாளைக்கு அனுப்பி வைங்க'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. அனுப்பிட்டேன். இப்ப அவ காலேஜ்ல ரெண்டாம் வருசம். இப்படி எத்தனை வீட்டு வாசப்படி ஏறியிருக்காங்கன்னு இங்க உக்காந்திருக்கற அம்மாமாருக்குத் தெரியும். டீச்சர், இனிமேல் நீங்க எங்க வீட்டுக்கு வர ஒரு காரணமும் வேண்டாமுங்க. எப்ப வேணும்னாலும் வாங்க. வணக்கம்."

நூறு சொற்களுக்குக் கொஞ்சம் குறைவு. நிதானமாகச் சொன்னால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உறவு இரண்டு வாக்கியத்தில் தீர்ந்தது. நேரத்தில் பெரும்பகுதி நிகழ்ச்சிக்குப் போனது. மூன்றாவது இடமான பொருளுக்கு ஒரே வாக்கியம். அதிலும் டீச்சரின் குணத்துக்குப் பெயர் சூட்டாமல், அவையில் இருக்கும் மற்ற அம்மாக்களைச் சாட்சிக்கு அழைத்ததோடு விட்டது நல்லது. "இதிலிருந்து அவருடைய கடமை உணர்வு புரிகிறது" என்று விளக்கியிருந்தால் நூல் அறுந்த இடத்தில் வந்த சிரிப்பு வீணாகியிருக்கும். ஏழாம் வகுப்பிலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு வாக்கியத்தில் 'அன்று, இன்று, நாளை' சட்டகமும் உள்ளே அடங்கிவிடுகிறது.

விளிப்பில் போகும் நேரம்

தமிழ் மேடையில் திடீர் உரைக்கு உள்ள தனிச் சிக்கல் விளிப்பு. தலைவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்த வந்தவர், பெரியோர், தாய்மார் என்று அடைமொழிகளோடு அழைத்துக்கொண்டே போனால் இரண்டு நிமிட உரையில் ஒரு நிமிடம் அதிலேயே போய்விடும். இதற்கு ஒரு பயனும் உண்டு என்பதை மறுக்க முடியாது. பெயர்களை அடுக்கும் நேரத்தில் பேசுபவர் அடுத்ததை யோசித்துக்கொள்கிறார். ஆனால் அந்த லாபத்தைவிட நட்டம் பெரிது. பட்டியல் தொடங்கிவிட்டால் யாரையும் விட முடியாது. பங்காளி வகையில் ஒரு பெரியவர் பெயர் விட்டுப்போனால், மாமன் மச்சான் வரிசை மாறிப்போனால், அந்தக் குறை பந்தி வரைக்கும் வரும், சில சமயம் அடுத்த விசேஷம் வரைக்கும்.

ஆகவே ஒன்று அழைப்பிதழில் உள்ள வரிசைப்படி முழுதாகச் சொல்ல வேண்டும், அல்லது பெயரே சொல்லாமல் தொகுப்பாக வணங்கிவிட வேண்டும். நடுவழி ஆபத்து. இரண்டு நிமிட உரைக்குத் தொகுப்பு வணக்கமே சரி. "மேடையில் இருக்கும் பெரியவங்களுக்கும் முன்னால இருக்கற உறவுகளுக்கும் வணக்கம்" என்றால் யாரும் விடுபடவில்லை. விழா நாயகரை மட்டும் பெயரோடும் உறவுச் சொல்லோடும் அழைப்பது போதுமானது. யோசிக்க நேரம் வேண்டுமென்றால் வணக்கம் சொல்லியபின் மைக்கைச் சரிசெய்து மூன்று நொடி நிற்கலாம். பேசுபவருக்கு நீளமாகத் தோன்றும் அந்த மௌனம், கேட்பவருக்கு அப்படித் தோன்றுவதில்லை.

செந்தமிழா, வழக்குத் தமிழா

மேற்கத்தியக் கையேடுகள் சொல்லாத இன்னொரு சிக்கல் நடை. மேடையேறினால் எழுத்துத் தமிழில்தான் பேச வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பலர் மனத்தில் இருக்கிறது. அடுக்குமொழியும் எதுகை மோனையும் கலந்த மேடைத்தமிழை அண்ணாவும் அவர் வழிவந்தவர்களும் நிலைநிறுத்தினார்கள். அதே அண்ணா 1930களின் இறுதியில் ஈரோட்டில் தங்கிப் பெரியாரின் இதழ்களில் வேலை பார்த்தவர். பெரியாரின் நடையோ வேறு. மணிக்கணக்கில் பேசினாலும் வீட்டுப் பேச்சுக்கு நெருக்கமான மொழி. அலங்காரம் இல்லை, அவையைப் பார்த்துக் கேள்வி கேட்டுக் கேட்டுப் போகும் பேச்சு அது. ஒரே ஊரோடு தொடர்புடைய இந்த இரண்டு நடைகளில், திடீர் உரைக்குக் கைகொடுப்பது இரண்டாவதுதான்.

காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வரும். எழுத்துத் தமிழில் மேடை வாக்கியம் எச்சங்களை அடுக்கிக்கொண்டு நீளும்: "இப்பள்ளியில் பல ஆண்டுகள் பணியாற்றி, மாணவர்களின் வளர்ச்சிக்காக உழைத்து, பெற்றோரின் நன்மதிப்பைப் பெற்று..." என்று போகும்போது, முடிவில் எந்த வினை வரும் என்பதைப் பேசுபவர் தொடக்கத்திலிருந்தே மனத்தில் பிடித்திருக்க வேண்டும். தயாரித்தவருக்கு அது எளிது. தயாரிக்காதவர் மூன்றாவது எச்சத்தில் எழுவாயை மறந்துவிடுகிறார், வாக்கியம் முடியாமல் தொங்குகிறது, "என்று கூறிக்கொண்டு" என்ற ஒட்டு வந்து காப்பாற்றுகிறது. முதல் வாக்கியத்தில் 'இருக்கின்றேன்' என்றும் மூன்றாவதில் 'இருக்கறேன்' என்றும் நடை மாறுவதும் இதே சுமையின் அடையாளம். வழக்குத் தமிழில் வாக்கியங்கள் குட்டையாக முடிகின்றன. 'வந்தாங்க', 'உக்காந்தாங்க', 'சொன்னாங்க' என்று ஒவ்வொரு வினையும் முடிந்த இடத்தில் மூச்சும் யோசனையும் கிடைக்கின்றன. கொங்குத் தமிழின் 'ங்க' ஒட்டு, மரியாதையையும் தானே பார்த்துக்கொள்கிறது. அதனால் செந்தமிழில் பேசாவிட்டால் மரியாதைக் குறைவு என்ற அச்சத்துக்கு இங்கே இடமில்லை. எழுத்துத் தமிழும் வேண்டும் என்று தோன்றினால், முதல் வணக்கத்துக்கும் கடைசி வாழ்த்துக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். அவை இரண்டும் மனப்பாடமாக வரக்கூடியவை.

படத்திறப்பு

துக்கக் கூட்டம் தனியாகக் கவனிக்க வேண்டியது. கொங்குப் பகுதியில் காரியம் முடிந்தபின் மண்டபத்திலோ வீட்டு வாசலிலோ படத்திறப்பு வைத்து, நெருங்கியவர்களைப் பேசச் சொல்வது உண்டு. நான்கு இடங்களும் இங்கேயும் பொருந்தும், அளவு மாறும். உறவு ஒரு வாக்கியம். நிகழ்ச்சி, இறந்தவர் நன்றாக இருந்த நாளிலிருந்து எடுக்கப்பட வேண்டும். ஆஸ்பத்திரி, கடைசி நாட்கள், எப்படிச் சேதி வந்தது என்பவற்றை வீட்டார் ஆயிரம் முறை பேசியிருப்பார்கள். அவற்றை மேடையில் மறுபடி கேட்க வைப்பது கொடுமை, ஆனால் பேசத் தெரியாதவர் முதலில் போகும் இடம் அதுவே. மென்மையான ஒரு வேடிக்கை சொல்லலாம் என்று மேற்கத்தியப் பயிற்சியாளர்கள் எழுதுவார்கள். இங்கே அது வயதைப் பொறுத்தது. தொண்ணூறு கடந்து நிறைவாகப் போனவரின் படத்திறப்பில் அவர் சந்தையில் பேரம் பேசிய கதைக்குச் சிரிப்பு வரும். நடுவயதில் போனவருக்கு அதைச் செய்யக் கூடாது. முடிவில் வாழ்த்துக்குப் பதில், வீட்டாரைப் பார்த்துச் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்வது ஆறுதலான வழக்கம்: பையன் படிப்பு, தோட்டத்து வேலை, கடைக் கணக்கு, எதுவானாலும். செய்ய முடியாததை மைக்கில் சொல்லிவிட்டால் அது ஊர் முன்னால் கொடுத்த வாக்காகிவிடும். ஒரு நிமிடம் போதும்.

பேச்சு நழுவும் இடங்கள்

சட்டகம் கையில் இருந்தும் உரை கெடுவதற்குப் பொதுவான வழி, இரண்டாவது நிகழ்ச்சி. முதல் கதைக்கு அவை சிரித்துவிட்டால் இன்னொன்று சொல்லத் தோன்றும். "அதுமட்டுமல்லாமல்" என்ற சொல் வாயில் வந்துவிட்டால் உரை கையை விட்டுப் போகிறது என்று அறியலாம். அந்தச் சொல் வந்த இடத்திலேயே கடைசி வாக்கியத்துக்குத் தாவிவிட வேண்டும். மேடை அருகிலிருந்து துண்டுச் சீட்டு வரும் வரைக்கும் காத்திருப்பது தாமதம். அவையில் செல்போன் வெளிச்சம் கூடுவதும், சமையல் கட்டுப் பக்கம் தலைகள் திரும்புவதும் அதற்கு முன்பே சொல்லிவிடும்.

இன்னொன்று, வைத்திருந்த கதையை முன்னால் பேசியவர் சொல்லிவிடுவது. ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள் வரிசையாகப் பேசும்போது இது சாதாரணம். கதையை மாற்ற நேரமில்லை என்றால் அதையே தன் பக்கத்திலிருந்து சொல்லலாம்: அவர் சொன்ன அன்று பேசுபவர் எங்கே இருந்தார், வேறு என்ன பார்த்தார் என்று. முன்னவரை மறுக்காமல், ஒரு விவரத்தைக் கூட்டினால் போதும். நேரம் மிகவும் கடந்துவிட்ட கூட்டத்தில் கடைசியாக அழைக்கப்படுபவருக்கு நான்கு இடமும் கூடாது, உறவும் வாழ்த்துமே போதும். இரவு நேரமாகிவிட்ட கூட்டம் ஒன்றில் மாதத்தையும் மணியையும் அவையின் தூக்கத்தையும் சொல்லி, வேண்டுகோள் வைத்து, சில நொடியில் அண்ணா முடித்துக்கொண்டதாக மேடைகளில் ஒரு கதை சொல்லப்படுகிறது. கதையின் உண்மை எப்படியானாலும், அதில் உள்ள அமைப்பு சரியானது: கூட்டத்தின் நிலையை ஒத்துக்கொள்ளுதல், ஒரே வேண்டுகோள், நிறுத்துதல்.

சட்டகத்துக்கு எல்லையும் உண்டு. அது வரிசையைத் தருகிறதே தவிரச் சரக்கைத் தருவதில்லை. விழா நாயகரைப் பேசுபவருக்குத் தெரியவே தெரியாது என்றால், இரண்டாவது இடம் காலியாகத்தான் இருக்கும். சங்கத் தலைவர், வார்டு உறுப்பினர், வங்கி மேலாளர் போன்றோர் பதவிக்காக அழைக்கப்படும்போது இது நடக்கிறது. இவர்களுக்குக் கைகொடுப்பது, உள்ளே வரும்போதே வீட்டுக்காரர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது: மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறார் என்பதைவிட, இந்த வீட்டைக் கட்ட எத்தனை வருடம் ஆயிற்று, அஸ்திவாரம் போட்டது யார் என்பது போன்றவை பேசத்தக்க பதிலைத் தரும். பதில் கிடைத்தால் "உள்ளே வரும்போது இவருடைய அண்ணன் ஒன்று சொன்னார்" என்று, யாரிடம் கேட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடலாம். கேட்க வாய்ப்பு இல்லாவிட்டால் தொகுப்பு வணக்கம், தான் எந்த முறையில் வந்தவர் என்ற ஒரு வாக்கியம், ஒரு வாழ்த்து ஆகியவற்றோடு அமர்ந்துகொள்வதே முறை. மொத்தம் இருபது நொடி ஆகும்.